இஷாவுக்குப் பின் ஒரு தட்டல்

இரவு 11.42 மணி. விளக்கை அணைத்துப் படுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிராது. தலைமாட்டில் கிடந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து ஒளிர்ந்தது. அந்த வெளிச்சம் பட்டு, அரும்பாடுபட்டு உறங்கவைத்த மூன்று வயது மகளின் இமைகள் அசைந்தன. எடுத்துப் பார்த்தேன். எங்கள் முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி: "இத்தாலிக்காரர் பேக்கிங் லிஸ்டில் திருத்தம் கேட்கிறார். மெயிலைப் பார்க்கவும். அனுப்பிவிட்டுச் சொல்லவும்."

வழக்கம்போல் எழுந்து உட்கார்ந்தேன். இருட்டுக்குள்ளிருந்து என் மனைவி சொன்னாள்: "மச்சான், உங்கள் ஹாஜியாருக்கும் இந்த அறையில் ஒரு பாய் விரித்துவிடட்டுமா?"

அவள் சிரித்துச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரவு அது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் நான் எண்ணியதையும், கேட்டதையும், இறுதியில் முதலாளிக்கு எழுதியதையும் இங்கே பதிவு செய்கிறேன். நம் வீடுகள் பலவற்றில் தலையணைக்கு அருகே இதே வெளிச்சம் எரிந்துகொண்டிருப்பதை நான் அறிவேன்.

என் வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். சென்னையில் தோல் பொருட்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆவணப் பிரிவைப் பார்த்துவருகிறேன். பணப்பைகளும் இடைவார்களும் பெட்டிகளில் அடைபட்டுக் கன்டெய்னரில் ஏறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ காகிதங்கள் வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறைக்கான ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் எல்லாம் ஒன்றோடொன்று எண்ணுக்கு எண், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அவற்றை ஒத்துப்போகச் செய்வதுதான் நான் வாங்கும் சம்பளத்துக்கு உரிய பணி. அலுவலக நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, நடுவே லுஹருக்கும் உணவுக்குமாக ஒரு மணி நேரம்.

முதலாளியை நாங்கள் ஹாஜியார் என்றே அழைப்போம். நல்ல மனிதர். என் தங்கையின் நிக்காஹ்வுக்கு நான் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே முன்பணம் கொடுத்தவர். எனக்கு இருந்த சங்கடமே அதுதான். தீயவரிடம் "முடியாது" என்று சொல்வது எளிது. நன்மை செய்தவரிடம் அதை எப்படிச் சொல்வது?

என் வாப்பா மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் முப்பது ஆண்டு கணக்கெழுதியவர்கள். இரவு 8.30க்கு ஷட்டர் இறங்கும். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு வாப்பாவிடம் ஏதேனும் கேட்க வேண்டுமென்றால், ஒரு பையனை அனுப்ப வேண்டும். அவன் சந்துக்குள் நடந்து வந்து, வாசலில் நின்று, ஸலாம் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்படி ஓர் ஆளை அனுப்புவதற்கு முன் அந்த முதலாளி, "இது காலைவரை பொறுக்குமா?" என்று ஒருகணம் எண்ணிப் பார்த்திருப்பார். எனக்கு நினைவு தெரிந்து இரண்டு முறைதான் பையன் வந்தான். ஒன்று கடைக்குள் மழைநீர் புகுந்த அன்று. மற்றொன்று முதலாளியின் தாயார் மவுத்தான அன்று. இன்று ஆளனுப்பும் சிரமம் இல்லை. சிரமம் போனபோது, அந்த ஒருகணத்து எண்ணமும் கூடவே போய்விட்டது.

அந்தச் செய்திகளுக்கு நான் பல ஆண்டுகள் உடனுக்குடன் பதில் அளித்து வந்தேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. "தம்பி எந்நேரமும் விழித்திருப்பார்" என்று ஹாஜியார் பிறரிடம் சொல்லும்போது குளிர்ந்துபோவேன். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது அதே 2023ஆம் ஆண்டு ஜனவரியில்.

அன்றும் நள்ளிரவை நெருங்கிய நேரம். மறுநாள் காலைக்குள் கப்பல் ஏஜெண்டுக்குச் சரக்கின் விவரம் போக வேண்டும் என்று செய்தி. எழுந்து, அரைக்கண் மூடியபடி மடிக்கணினியில் தட்டி அனுப்பினேன். 212 பெட்டிகள். மொத்த எடை 2,438 கிலோ. பெட்டி, அட்டை எல்லாம் நீக்கிய நிகர எடை 2,120 கிலோ. நான் மொத்த எடை எழுத வேண்டிய இடத்தில் நிகர எடையை எழுதிவிட்டேன். மறுநாள் ஏஜெண்ட் மாதிரிப் படிவத்தை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னபோது, "நேற்றிரவு நாமே எழுதியதுதானே" என்று ஒருமுறைகூடப் பொருத்திப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் செய்த வேலையின் தன்மை இதுதான். செய்யும்போது பிழை வருவதோடு நில்லாது. செய்து முடித்துவிட்டோம் என்ற நிம்மதி, விழித்திருக்கும் பகலிலும் நம் கண்ணைக் கட்டிவிடும்.

பில் ஆஃப் லேடிங்கில் ஓர் எடை, பேக்கிங் லிஸ்டில் வேறோர் எடை. வங்கியில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடனுறுதிக் கடிதத்தின் பேரில் பணம் வர வேண்டிய சரக்கு அது. காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அங்கே பணம் நின்றுவிடும். மூல பில்களைத் திருப்பிக் கொடுத்து, திருத்தக் கட்டணம் கட்டி, புதியதை வாங்கி ஒப்படைப்பதற்குள் நான்கு நாட்கள் ஓடிவிட்டன. ஹாஜியார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கவனமாக இருக்கக் கூடாதா, தம்பி?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கவனம் எந்த நேரத்தில் களவு போனது என்று அவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஜூலை இரவுக்குத் திரும்புகிறேன். மனைவியின் சொல் தைத்துவிட்டது. திருத்தத்தை அனுப்பி முடித்தபோது மணி 12.20. உறக்கம் போயிற்று. கைப்பேசியை எடுத்து ஹாஜியாருக்கு நீண்ட பதில் ஒன்று தட்டினேன். "நானும் மனிதன்தான்" என்று தொடங்கி, "இப்படியே போனால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்" என்று முடியும் பதில். அனுப்பும் குறியின் மேல் விரல் நின்றது. அந்நேரம் அடுத்த அறையில் உம்மா தஹஜ்ஜுதுக்கு முன் சற்று உறங்கலாம் என்று திரும்பிப் படுக்கும் ஓசை கேட்டது. என்னவோ, அழித்துவிட்டேன். நள்ளிரவில் பேக்கிங் லிஸ்ட்டே பிழையாக வரும்போது, மனக்குறை மட்டும் சரியாக எழுதவருமா?

அடுத்த இரண்டு வாரம் வேறொரு வழியை முயன்றேன். செய்தி வந்தால் பார்ப்பது, ஆனால் பதில் எழுதாமல் விடுவது. இது முன்னதைவிட மோசமாயிற்று. நான் பார்த்துவிட்டேன் என்பதை இரண்டு நீலக் குறிகள் அவருக்குக் காட்டிக்கொடுத்தன. பார்த்தும் பேசாதிருக்கிறான் என்றால் என்ன பொருள்? கோபமா, அலட்சியமா, வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டதா? ஒருநாள் காலை நான் நுழைந்ததும், "ஏதும் மனவருத்தமா தம்பி?" என்று கேட்டேவிட்டார். நான், "மகளுக்குக் காய்ச்சல்" என்றேன். பொய். காய்ச்சல் என்று சொன்ன வாய் மாலைவரை கசந்தது. பொய்க் காரணத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இன்று மகளுக்குக் காய்ச்சல் என்றால், காய்ச்சல் இல்லாத இரவுகளில் நாம் கிடைப்போம் என்பது அதன் மறுபக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் உடனே தீர்ப்புக் கூறவில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை எடுத்துக்காட்டினார்கள். வீட்டிலேயே இருக்கும் பணியாட்களும், பருவமடையாத பிள்ளைகளும்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்பது அதன் கருத்து. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தும் வேளை, இஷாவுக்குப் பின். "வீட்டுக் குழந்தைக்கே அந்த வேளையில் அனுமதி வேண்டும். உங்கள் கைப்பேசிக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார்கள்.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதற்குப் பின் வீணே பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று அபூ பர்ஸா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியையும் நினைவூட்டினார்கள். கூடவே, முஸ்லிம்களின் பொதுக் காரியங்கள் குறித்து அபூபக்ர் (ரலி) அவர்களுடன் நபியவர்கள் இரவில் பேசியதுண்டு என்பதையும் சொன்னார்கள். "அவசியம் வேறு, வழக்கம் வேறு. அவசியத்துக்குக் கதவைத் திறந்து வையுங்கள். வழக்கத்துக்குத் தாழ்ப்பாள் போடுங்கள்."

மகிழ்ச்சியோடு எழப் போனேன். ஹஜ்ரத் விடவில்லை. "குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்தப்பட்ட கூலியாளின் நேரம், அந்தக் காலம் முழுவதும் முதலாளிக்கு உரியது, அதற்கு வெளியே உள்ள நேரம் அவனுக்கு உரியது. இது ஃபிக்ஹின் சட்டம். இரண்டாவது பாதியைக் கேட்க வந்திருக்கிறீர்கள். முதல் பாதி எப்படி இருக்கிறது, தம்பி? அலுவலக நேரத்தில் சொந்தக் கைப்பேசியை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?"

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. உறவினர் குழுக்களில் பதில் எழுதுவதும், ஊர்ச் செய்தி பார்ப்பதும், மின் கட்டணம் செலுத்துவதும் அலுவலக மேசையில்தான் நடந்துகொண்டிருந்தன. அடுத்த வாரம் முழுவதும் கைப்பேசியை மேசை இழுப்பறையில் வைத்தேன். தொழுகை, உணவு இடைவேளைகளில் மட்டும் எடுத்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மிஞ்சியது. முதல்நாள் மாலை மிச்சமாகும் வேலை அந்த முக்கால் மணியில் முடிந்தது. ஹாஜியாரிடம் பேசும் துணிவு எனக்கு வந்தது அப்போதுதான்.

துணிவு மட்டும் போதாது. அவருடைய வியாபாரத்துக்கு நட்டமில்லை என்பதும் தெளிவாக வேண்டும். பழைய செய்திகளைப் புரட்டி, எந்நேரம் வந்தன, எதற்காக வந்தன என்று ஒரு தாளில் குறித்தேன். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களில் இரவு 10 மணிக்குப் பின் வந்தவை 31. அவற்றில் அந்த இரவே முடித்தாக வேண்டியவை எத்தனை என்று நேர்மையாக எண்ணினேன். மூன்று.

மற்ற 28 ஏன் இரவில் வந்தன? விடை கடிகாரத்தில் இருந்தது. கோடையில் இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அங்கே வாடிக்கையாளர் மாலை 6 மணிக்கு வீடு திரும்புமுன் கடைசியாக ஒரு மெயில் அனுப்புகிறார். அப்போது நமக்கு இரவு 9.30. ஹாஜியார் இஷா முடித்து, உண்டு, பேரப்பிள்ளைகளோடு பேசிவிட்டுப் படுக்கப்போகும்முன் அதைத் திறக்கிறார். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் எனக்குத் தள்ளிவிடுகிறார். நான் எழுந்து உட்கார்ந்து 12.20க்கு அனுப்பும்போது இத்தாலியில் மணி 8.50. அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. என் திருத்தம் அவருடைய பெட்டியில் காலைவரை உறங்கும், நான்தான் உறங்கவில்லை. அதையே மறுநாள் காலை 9.30க்குத் தொடங்கி 11 மணிக்கு அனுப்பினால், அங்கே காலை 7.30. அவர் அலுவலகம் வரும்முன் காத்திருக்கும். என் ஐந்தாறு ஆண்டுக் கண்விழிப்பால் எந்தச் சரக்கும் ஒரு மணி நேரம்கூட முந்திப் போய்ச் சேரவில்லை என்பதை அந்தத் தாள் காட்டியபோது, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நியூயார்க் வாடிக்கையாளர் விஷயம் வேறு. நமக்கு இரவு 11 என்றால் கோடையில் அங்கே பகல் 1.30. அவர்கள் மேசையில் இருப்பார்கள், பதில் எதிர்பார்ப்பார்கள். அந்த மூன்று அவசரச் செய்திகளில் இரண்டு அங்கிருந்து வந்தவை.

ஆகஸ்ட் முதல் வாரம் செய்தி வந்தது. இரவு 11.10. "இன்வாய்ஸில் விலாசம் மாற்ற வேண்டுமாம். பார்க்கவும்." இம்முறை நான் எழுந்து உட்காரவில்லை. படுத்தபடியே, பகலில் எழுதிவைத்திருந்ததை அனுப்பினேன். அதை அப்படியே தருகிறேன்:

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். செய்தி கிடைத்தது. இன்ஷா அல்லாஹ் நாளை காலை 11 மணிக்குள் திருத்தி அனுப்பிவிடுகிறேன். இத்தாலியில் அலுவலகம் திறக்கும்முன் சேர்ந்துவிடும். இன்றிரவே முடிக்க வேண்டியதாக இருந்தால் தயவுசெய்து ஒரு போன் செய்யுங்கள், எழுந்து செய்கிறேன்."

ஸலாமை விட்டால் நான்கே வாக்கியங்கள். ஆயினும் எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்று அதற்குள் நிறைய அடித்துத் திருத்தியிருந்தேன். முதல் வரைவில் "மன்னிக்கவும்" என்று தொடங்கியிருந்தேன். உறங்கும் நேரத்தில் உறங்குவதற்கு மன்னிப்புக் கேட்டால், அது குற்றம் என்று நானே ஒப்புக்கொண்டதாகும், எடுத்துவிட்டேன். "உடல்நலமில்லை", "குழந்தை உறங்குகிறது" போன்ற காரணங்களையும் நீக்கினேன். காரணம் சொன்னால் காரணத்தோடு வாதாட இடமுண்டு. வேலை எப்போது முடியும் என்று சொன்னால் வாதாட ஒன்றுமில்லை. "நாளை பார்க்கிறேன்" என்பதும் போதாது. நாளை என்பது நீண்ட நாள்; படுக்கையில் கிடக்கும் முதலாளியின் கவலையை அது தீர்க்காது. "காலை 11 மணிக்குள்" என்பதே அவருக்கு உறக்கம் தரும் சொல். கடைசி வாக்கியத்தை மனைவியிடம் படித்துக்காட்டியபோது அவள் முகம் சுருங்கியது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் மறுப்பாக ஒலிக்கும். செய்தி தட்டுவது எளிது. போன் செய்வதற்குச் சற்றே மனம் வேண்டும். வாப்பாவின் முதலாளி பையனை அனுப்புவதற்கு முன் நின்ற அந்த ஒருகணத்தை, போன் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று எண்ணினேன்.

பதில் வந்தது: "சரி." அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு மணிவரை விழித்திருந்தேன் என்பது வேறு கதை. கோபமான சரியா, சாதாரணச் சரியா? எழுத்தில் குரல் கேட்பதில்லையே.

மறுநாள் 10.40க்கே இன்வாய்ஸை அனுப்பினேன். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாக. சொன்ன நேரம் ஒருமுறை தவறினால் இந்த ஏற்பாடு முழுவதும் அன்றே முறிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பிறகு அஸர் தொழுகை முடிந்து, தேநீர் வந்த நேரத்தில், அவருடைய அறைக்குப் போனேன். செய்தியில் எல்லை மீறாமல் பதில் சொல்லலாம். எல்லையைப் பற்றிப் பேசுவது நேரில்தான் ஆகும்.

குறை சொல்லவில்லை. ஜனவரியில் நான் செய்த எடைப் பிழையிலிருந்து தொடங்கினேன். "அது இரவு வேலை, ஹாஜியார். அதை மறைத்தேன், இப்போது சொல்கிறேன்" என்றேன். தாளைக் காட்டினேன். 31, 3, இத்தாலிக் கடிகாரம். பிறகு கேட்டேன்: "இரவு 9 மணி முதல் காலை 9 வரை வரும் செய்திகளைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்து 11க்குள் முடிக்கட்டுமா? அவசரமானால் போன். அமெரிக்கச் சரக்கு ஏறும் வாரங்களில் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்நாட்களில் பிற்பகல் வந்து இரவு 10 வரை இருந்து முடித்துவிட்டுப் போகிறேன்."

ஹாஜியார் தாளை வெகுநேரம் பார்த்தார். பின்பு அவர் சொன்னது நான் எதிர்பாராதது. "நான் உடனே செய்யச் சொல்லவில்லையே, தம்பி. மறந்துவிடுவேன் என்று அப்போதே எழுதிவைப்பேன். நீங்கள் உடனே செய்துவிடுவதால், உங்களுக்கு அதுதான் வசதி போலும் என்று நினைத்தேன்."

ஆக, அவர் தம் மறதிக்கு எழுதிய குறிப்பை நான் கட்டளையாகப் படித்திருக்கிறேன். என் அச்சத்தில் எழுந்த வேகத்தை அவர் என் விருப்பம் என்று படித்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லா முதலாளிகளும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. "அனுப்பிவிட்டுச் சொல்லவும்" என்று எழுதிவிட்டுக் கட்டளை இல்லை என்பதும் முழு நியாயம் அல்லதான். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். சிரித்துக்கொண்டார்.

சட்டம் இதில் எவ்வளவு துணை வரும் என்று வாசகர்கள் கேட்கலாம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேர அளவை வகுத்தது; அதற்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்றது. படுக்கையில் வரும் செய்தியைப் பற்றி அந்தக் காலத்துச் சட்டத்தில் இருக்க முடியாது. நேரம் கடந்த செய்திகள் குறித்துப் பிரான்ஸ் 2017இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டம், தொழிலாளி பதில் அளிக்க மறுக்கலாம், ஆனால் அந்த மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்கிறது. தொடர்புகொண்ட காரணம் என்ன, எவ்வளவு இடையூறு, அதற்கு ஊதியம் உண்டா, அவருடைய பொறுப்பு எத்தகையது, குடும்ப நிலை என்ன என்பவற்றை எடைபோடச் சொல்கிறது. எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எனினும் அந்தக் கேள்விகள் நல்ல கேள்விகள் என்று பிற்பாடு படித்தபோது தோன்றியது. ஹஜ்ரத் சொன்ன அவசியமும் வழக்கமும்தான் அங்கே வேறு உடையில் நிற்கின்றன.

கைப்பேசியில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். இரவு 10 முதல் ஃபஜ்ரு பாங்கு வரை ஒலியும் ஒளியும் எழாதவாறு அமைத்து, ஹாஜியார், உம்மா, தங்கை ஆகியோரின் அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். அழைப்புக்குத்தான், செய்திக்கு அன்று. இந்த அமைப்பை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தம்பி ஒருவர் கேட்டார். ஹாஜியாரிடம் பேசாமல் செய்திருந்தால், மணி அடிக்காத செய்தியைத் தேடி நானே இருட்டில் கைப்பேசியைத் தடவியிருப்பேன்.

ஏற்பாடு சோதனைக்கு உள்ளானது அக்டோபரில். இரவு 10.50க்குப் போன் அடித்தது. நியூயார்க் சரக்கு, துறைமுகத்துக்குள் கன்டெய்னர் நுழைவதற்கான கெடு மறுநாள் மாலையிலிருந்து காலைக்கு முன்தள்ளப்பட்டிருந்தது. ஹாஜியார், "தம்பி, உறங்கிவிட்டீர்களா? இது பொறுக்காது" என்றார். எழுந்தேன். முகம் கழுவி, விளக்குப் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து, எடைகளை இருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, 1.15க்கு முடித்தேன். மனைவி தானாக எழுந்து தேநீர் போட்டுத் தந்தாள். பாயைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் பகல் 12 மணிக்கு வந்தால் போதும் என்றார் ஹாஜியார்.

குறைகளும் உண்டு. ரமலானில் தராவீஹ் முடிந்து எல்லோரும் விழித்திருப்பதால் செய்திகள் மீண்டும் பெருகின. ஸஹர் நேரத்தில்கூட ஒன்று வந்தது. பழைய பதிலையே திரும்ப அனுப்பினேன். அதைவிடக் கடினமானது அலுவலகக் குழு. அங்கே இரவில் ஒரு கேள்வி விழுந்தால், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் நொடிக்குள் பதில் போடுகிறார். இன்னும் பணி உறுதியாகாதவர். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துகொள்கிறார்கள். ஒருகாலத்தில் அந்த முதல் பதிலைப் போட்டவன் நான்தான். என்னைப் பார்த்து எத்தனை பேர் எழுந்துகொண்டார்களோ, அதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அந்த இளைஞரிடம், என்னைப்போல் ஹாஜியாரிடம் போய்ப் பேசு என்று சொல்லிவிட முடியாது. பதினான்கு ஆண்டு வேலை பார்த்தவனுக்கு உள்ள இடம் நான்கு மாதக்காரருக்கு இல்லை. முதல் வாக்கியத்தை மட்டும் பழகச் சொன்னேன்: "கிடைத்தது, காலை 11 மணிக்குள் முடிக்கிறேன்." போன் செய்யுங்கள் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை, அதை அவருக்காக ஹாஜியாரிடம் நான் சொல்லிவைத்தேன். குழுவில் இரவுச் செய்தி போடுகையில் "காலையில்" என்று ஒரு சொல்லைத் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். சில இரவு சேர்க்கிறார். சில இரவு மறந்துவிடுகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஃபஜ்ரு முடித்து வந்து கைப்பேசியை எடுத்தேன். ஹாஜியாரிடமிருந்து ஒரு செய்தி, இரவு 11.35க்கு வந்தது. "காலையில்: பேக்கிங் லிஸ்டில் பெட்டி எண்ணிக்கையைச் சரிபார்க்கவும். நான் உறங்கப்போகிறேன்." மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, மகளின் போர்வையை இழுத்துவிட்டபடி, "அவருக்கும் ஒரு பாய் கிடைத்துவிட்டது போலும்" என்றாள்.